திரை மாற்றிய பின் "Unknown Part": ஒரிஜினல், ரீஃபர்பிஷ்டு, காப்பி டிஸ்ப்ளே பற்றிய கேள்விகளும் பதில்களும்

சேலத்தில் செல்போன் பழுதுபார்க்கும் மேசையில் அமர்ந்திருக்கும் எனக்கு, திரை உடைந்த போனை விடத் திரை மாற்றிய போனைப் பற்றித்தான் அதிகக் கேள்விகள் வருகின்றன. பெரும்பாலானவை ஐபோன்களைப் பற்றியவை என்பதால், பதில்களும் அதைச் சுற்றியே அமைந்துள்ளன. மற்ற போன்களுக்குத் தனியாக ஒரு பதில் உண்டு.

"ஒரிஜினல் டிஸ்ப்ளேதான் போட்டேன் என்று கடைக்காரர் சத்தியம் செய்கிறார். போனோ 'Unknown Part' என்று காட்டுகிறது. யார் சொல்வது உண்மை?"

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஐபோன் 11 முதல் ஒவ்வொரு திரையிலும் உள்ள ஒரு சிறிய சிப்பில் அந்தத் திரைக்கே உரிய வரிசை எண் பதிந்திருக்கிறது. தொழிற்சாலையில் போனைப் பூட்டும்போது, இந்த போர்டுக்கு இந்தத் திரை என்று அந்த எண்ணும் இணைத்துப் பதிவு செய்யப்படுகிறது. பின்னர் வேறு திரையைப் பொருத்தினால், போன் அந்தச் சிப்பைப் படித்து, தன்னிடம் பதிவாகியிருக்கும் எண்ணுடன் ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தவில்லை என்றால் எச்சரிக்கிறது. வந்திருப்பது ஆப்பிள் செய்த திரையா, வேறு ஆலையில் செய்த காப்பியா என்பதை அது இந்த ஒப்பீட்டில் பிரித்துச் சொல்வதில்லை.

"Unknown Part" என்ற சொல்லுக்கு ஆப்பிள் தரும் விளக்கத்திலேயே இது தெளிவாக இருக்கிறது. பாகம் ஆப்பிளுடையதாக இல்லாமல் இருக்கலாம். ஏற்கெனவே வேறொரு ஐபோனில் பயன்பட்டதாக இருக்கலாம். பொருத்தும் வேலை முழுமையடையாமல் இருக்கலாம். பாகம் எதிர்பார்த்தபடி இயங்காமலும் இருக்கலாம். இத்தனை காரணங்களுக்கும் ஒரே சொல்தான் திரையில் வருகிறது. ஆகவே அந்தச் சொல்லை மட்டும் வைத்துக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்ட முடியாது. அந்தச் சொல் வரவில்லை என்பதற்காகத் திரை நல்லது என்றும் முடிவு கட்ட முடியாது. இரண்டாவது தவறுதான் அதிகப் பணத்தை இழக்க வைக்கிறது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

"அந்தச் செய்தியை எங்கே பார்ப்பது? எப்போதும் திரையில் நின்றுகொண்டே இருக்குமா?"

ஐஓஎஸ் 15.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் Settings, General, About என்று போனால், பாகம் மாற்றப்பட்ட போனில் "Parts and Service History" என்ற பகுதி தெரியும். எதுவுமே மாற்றப்படாத போனில் அந்தப் பகுதி தோன்றாது. திரை மாற்றிய உடன் "Unable to verify this iPhone has a genuine Apple display" என்ற வாசகம் முதல் 4 நாள் பூட்டுத் திரையிலும், அடுத்து 15 நாள் Settings முகப்பிலும் வரும். அதன்பின் About பக்கத்தில் மட்டும் நிலைத்திருக்கும். இந்தச் செய்தியால் போனின் பயன்பாடு தடைபடாது என்று ஆப்பிளே சொல்கிறது.

"ஒரு உண்மையான உதாரணம் சொல்ல முடியுமா? கடைக்காரர் சொல்வதை எப்படிச் சோதிப்பது?"

2023-ல் ஏற்காட்டில் காபித் தோட்டம் ஒன்றில் மேற்பார்வை பார்க்கும் ஒருவர் தம் ஐபோன் 12-ஐக் கொண்டு வந்தார். உலர்களத்தில் போன் தவறி விழுந்து திரை முழுவதும் கறுத்துவிட்டதாம். சேலத்தில் ஒரு கடையில் "கழற்றிய ஒரிஜினல்" என்று சொல்லித் திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் காலை எச்சரிக்கை வந்துவிட்டது. "அண்ணா, டூப்ளிகேட்டைப் போட்டு ஏமாத்திட்டாங்க, நீங்களே பாருங்க" என்றார் அவர்.

முதலில் About பக்கத்தைத் திறந்தோம். Display என்பதற்கு நேரே "Unknown Part" என்று இருந்தது. பேட்டரிக்கு நேரே எந்தக் குறையும் இல்லை. இது கடைக்காரருக்கு எதிராகவும் இல்லை, ஆதரவாகவும் இல்லை. எனவே திரையையே பார்க்க வேண்டியிருந்தது.

ஐபோன் 12-இன் அசல் திரை ஓஎல்இடி வகை. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது; கறுப்பு நிறம் வேண்டிய இடத்தில் அந்தப் புள்ளி முழுமையாக அணைந்துவிடுகிறது. எல்சிடி திரையில் அப்படி இல்லை. பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்க, முன்னால் உள்ள படலம் அதை மறைக்க முயல்கிறது, ஆனால் முழுதாக மறைப்பதில்லை. ஆகவே முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திரை நிறைய வைத்து, வெளிச்சத்தைக் கூட்டி, போனை ஒரு தடித்த துண்டுக்குள் மூடிக்கொண்டு பார்த்தோம். திரை எங்கே முடிகிறது, சட்டம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத அளவுக்கு இருட்டாக இருந்தது. எல்சிடி காப்பியாக இருந்திருந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு செவ்வகம் மங்கலாக ஒளிர்ந்திருக்கும். ஆக, அது ஓஎல்இடிதான் என்பது உறுதியானது.

ஓஎல்இடியிலும் காப்பி உண்டு என்பதால், அடுத்து விளிம்பைப் பார்த்தோம். மேசையில் அசல் திரையுடன் இருந்த இன்னொரு 12-ஐ அருகில் வைத்து, படம் முடியும் இடத்துக்கும் கண்ணாடி விளிம்புக்கும் இடையே உள்ள கறுப்புப் பட்டையை ஒப்பிட்டோம். நான்கு பக்கமும் ஒரே அகலம்தான். காப்பித் திரைகளில், குறிப்பாகக் கீழ்ப் பக்கத்தில், இந்தப் பட்டை பெரும்பாலும் தடித்திருக்கும். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து இரண்டு போனையும் சாய்த்துப் பார்த்தபோதும் நிறம் ஒன்றுபோலவே மாறியது. கடைசியாக அவர் அனுமதியுடன் திரையைத் திறந்து, பின்புறமும் ஒயர் பட்டையில் இருந்த அச்சும் அசல்தான் என்று பார்த்துக்கொண்டோம்.

கடைக்காரர் சொன்னது உண்மை. போர்டு செத்துப்போன வேறொரு ஐபோன் 12-இலிருந்து கழற்றிய திரை அது. போன் சொன்னதும் உண்மை. அந்தத் திரையின் எண் இந்த போர்டில் பதிவான எண் இல்லை. மேற்பார்வையாளருக்குக் கிடைத்தது நல்ல திரை. அவர் இழந்தது அறையின் வெளிச்சத்துக்கேற்பத் திரையின் வெண்மையை மாற்றும் True Tone வசதியையும், பின்னாளில் போனை விற்கும்போது கிடைக்க வேண்டிய விலையில் ஒரு பகுதியையும். எச்சரிக்கை வரும் என்பதைக் கடைக்காரர் முன்கூட்டியே சொல்லியிருந்தால், இந்த மனக்கசப்பே வந்திருக்காது.

"ஒரிஜினல், ரீஃபர்பிஷ்டு, ஃபர்ஸ்ட் காப்பி, இன்செல் என்று கடையில் பல பெயர்கள் சொல்கிறார்கள். எதை எப்படிப் புரிந்துகொள்வது?"

"ஒரிஜினல்" என்ற ஒரே சொல்லில் குறைந்தது மூன்று பொருள்கள் விற்கப்படுகின்றன. நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் புதிதாகப் பொருத்தி, மென்பொருள் வழியே போனுடன் இணைத்துக் கொடுக்கும் திரை முதல் வகை. பழுதான வேறு போனிலிருந்து அப்படியே கழற்றிய திரை இரண்டாவது. கழற்றிய திரையில் உடைந்த கண்ணாடியை மட்டும் நீக்கி, வேறு கண்ணாடி ஒட்டியது மூன்றாவது. இதைத்தான் ரீஃபர்பிஷ்டு என்கிறோம். மூன்றிலும் படம் காட்டும் பேனல் அசல்தான். கண்ணாடியின் தரமும், இணைக்கும் வேலை நடந்ததா இல்லையா என்பதும்தான் வேறுபடுகின்றன.

காப்பி வகைகளில் மேலே இருப்பது சாஃப்ட் ஓஎல்இடி; அசல் திரையைப் போலவே வளையக்கூடிய பிளாஸ்டிக் அடித்தளத்தின் மேல் செய்யப்பட்டது. ஹார்டு ஓஎல்இடி கண்ணாடி அடித்தளத்தில் செய்யப்பட்டதால், கறுப்பு நிறம் நன்றாகவே இருந்தாலும், விழுந்தால் எளிதில் விரிசல் விடும். விளிம்புப் பட்டையும் சற்றுத் தடிமன். இன்செல் என்று கடையில் சொல்வது, தொடுதிரைப் பகுதியையும் உள்ளேயே அடக்கிய எல்சிடி. விலை மிகக் குறைவு. ஆனால் ஓஎல்இடிக்காகச் செய்யப்பட்ட போனில் எல்சிடியைப் பொருத்தும்போது பின்விளக்கு எப்போதும் எரிவதால், இருண்ட பின்னணியில் கிடைக்க வேண்டிய மின்சேமிப்பு கிடைக்காது. பேட்டரி விரைவாக இறங்கும்.

இங்கே ஒன்றை மறக்க வேண்டாம். ஐபோன் எக்ஸ்ஆர், ஐபோன் 11 இரண்டும் தொழிற்சாலையிலிருந்தே எல்சிடி திரையுடன் வருபவை. அவற்றில் எல்சிடி போட்டிருக்கிறார்கள் என்று கடைக்காரரிடம் சண்டை பிடிப்பதில் நியாயம் இல்லை.

"என் போனில் கண்ணாடி மட்டும்தான் உடைந்திருக்கிறது, படமும் தொடுதலும் சரியாக இருக்கின்றன. முழுத் திரையையும் மாற்றியே ஆக வேண்டுமா?"

வேண்டியதில்லை. எச்சரிக்கையே வராமல் இருக்க நேர்மையான வழிகளில் இதுவும் ஒன்று. உங்கள் சொந்தப் பேனலும், அதன் ஒயர் பட்டையும், அதிலுள்ள சிப்பும் போனிலேயே இருக்கப் போகின்றன. மாறுவது மேலே உள்ள கண்ணாடி மட்டுமே. போனைப் பொறுத்தவரை எதுவுமே மாறவில்லை. True Tone அப்படியே இருக்கும், About பக்கத்திலும் புதிதாக ஒன்றும் தோன்றாது.

வேலை நடக்கும் விதம் இப்படி: திரையைக் கழற்றிச் சூடான தட்டின் மேல் வைத்து, உள்ளிருக்கும் ஒளிபுகும் பசையை இளக்கி, மிக மெல்லிய கம்பியைக் கண்ணாடிக்கும் பேனலுக்கும் இடையே இழுத்து இரண்டையும் பிரிக்கிறார்கள். பழைய பசையைத் துளியும் இல்லாமல் எடுத்துவிட்டு, ஓசிஏ என்ற ஒளிபுகும் பசைத்தாளுடன் புதிய கண்ணாடியை வெற்றிட மிஷினில் ஒட்டி, அழுத்தக் கலத்தில் வைத்துக் காற்றுக் குமிழ்களை நீக்குகிறார்கள். பேனல் காகிதம் போல மெல்லியது. சூடு சற்றுக் கூடினாலோ கம்பி சற்றுச் சாய்ந்தாலோ பச்சை நிறக் கோடு விழும், அல்லது ஒரு ஓரம் கறுத்துவிடும். அதற்குப் பின் அந்தப் பேனலைக் காப்பாற்ற வழியில்லை. ஆகையால் வேலை தொடங்கும் முன்பே, "பேனல் போனால் யார் பொறுப்பு?" என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

இந்த மிஷின்கள் எல்லாக் கடையிலும் இருப்பதில்லை. இல்லாத கடைகள் திரையை வெளியூருக்கு அனுப்பி வாங்குவது உண்டு. போனை விட்டுவிட்டு வரும்போது திரை மட்டும் போகிறதா, போனே போகிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. போன் போவதாக இருந்தால் உங்கள் புகைப்படங்களும் வங்கிச் செயலிகளும் சேர்ந்து போகின்றன.

திரும்பி வந்த திரையைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பில் குமிழ், உள்ளே சிக்கிய தூசி, ஓரத்தில் பசைக் கசிவு ஆகியவை அவசர வேலையின் அடையாளங்கள். விரல் வழுக்காமல் இழுபட்டால், கண்ணாடியின் மேல் எண்ணெய் ஒட்டாத பூச்சு இல்லை என்று பொருள். அது குறைதான், ஆனால் பெரிய குறை அல்ல.

"எங்கள் கடையில் போட்டால் மெசேஜே வராது என்று ஒருவர் உத்தரவாதம் தருகிறார். கூடுதலாகப் பணம் கொடுக்கலாமா?"

என்ன செய்து செய்தியை நிறுத்துகிறார் என்று தெரிந்த பிறகு முடிவு செய்யுங்கள். மேலே சொன்ன வரிசை எண் சிப்பைப் பழைய திரையின் ஒயர் பட்டையிலிருந்து சூடேற்றி எடுத்து, புதிய திரையில் அதே இடத்தில் ஈயம் வைத்து ஒட்டிவிடுவதுதான் பரவலாக நடக்கும் முறை. உருப்பெருக்கியின் கீழ் செய்ய வேண்டிய நுணுக்கமான வேலை அது. தெரிந்தவர் செய்தால் சுத்தமாகவே வரும். போன் சிப்பைப் படிக்கிறது, பழைய எண்ணே தெரிகிறது, பேசாமல் இருந்துவிடுகிறது.

இதன் பொருளைக் கவனியுங்கள். சிப் அசல், பேனல் எதுவாகவும் இருக்கலாம். இந்த வேலைக்கென்றே சிப் இடம் காலியாக விடப்பட்ட காப்பித் திரைகளும் சந்தையில் கிடைக்கின்றன. அப்படியானால், எச்சரிக்கை வரும் கழற்றிய அசல் திரையும், எச்சரிக்கை வராத காப்பித் திரையும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் விற்கப்படும்போது, வாங்குபவர் இரண்டாவதைத்தான் அசல் என்று நினைத்துக் கூடுதல் பணம் கொடுக்கிறார். என் கருத்தில் இந்தத் தொழிலில் நடக்கும் மிகப் பெரிய அநியாயம் இதுதான், இதற்குப் பாதிக் காரணம் செய்தியின் மங்கலான வாசகம்.

சிப் மாற்றுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. கழற்றிய அசல் திரைக்கு உங்கள் பழைய சிப்பை மாற்றிப் போட்டு, அதை உங்களிடம் சொல்லி, அதற்கான கூலியையும் தனியாக எழுதிக் கொடுத்தால் அது நேர்மையான வேலை. மறைத்துச் செய்வதுதான் தவறு. எனவே செய்தி வருமா வராதா என்று கேட்பதை விட, "பேனல் எது, சிப் எது?" என்று கேளுங்கள். தெரிந்து செய்பவர் இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்வார்.

"திரை மாற்றிய பின் True Tone காணோம். இன்னொருவருக்கு Face ID-யே போய்விட்டது. இரண்டும் ஒரே காரணமா?"

இல்லை, இரண்டும் வேறு வேறு. True Tone என்பது அறையின் வெளிச்சத்தின் நிறத்தை உணர்ந்து, அதற்கேற்பத் திரையின் வெண்மையை மாற்றும் வசதி. அதைச் சரியாகச் செய்ய, அந்தக் குறிப்பிட்ட திரை எந்த நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்ற தொழிற்சாலை அளவீடு வேண்டும். அந்த அளவீடு திரையிலேயே சேமிக்கப்பட்டிருக்கிறது. பழைய மாடல்களில் ஒரு சிறு கருவியை இணைத்து, பழைய திரையின் தகவலைப் படித்துப் புதிய திரையில் எழுதினால் வசதி திரும்ப வரும். ஆனால் அந்த அளவீடு பழைய திரைக்கானது என்பதால், புதிய திரையின் நிறம் அதற்குச் சரியாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. பழைய திரை அடியோடு செத்துப்போய் அதன் தகவலைப் படிக்க முடியாமல் போனாலும் சிக்கல்தான். உடைந்த திரையைக் கடையிலேயே விட்டுவிட்டு வராமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

Face ID போவது பெரும்பாலும் கைத்தவறு. ஐபோன் எக்ஸ் முதல் 12 வரை, காதில் வைத்துக் கேட்கும் ஸ்பீக்கரும், முகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சும் விளக்கும், வெளிச்ச உணரியும் ஒரே மெல்லிய பட்டையில் அமைந்து, திரையின் பின்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன. இந்தப் பட்டை உங்கள் போர்டுடன் மட்டுமே வேலை செய்யும்; புதிய திரையுடன் வரும் வேறொரு பட்டை எவ்வளவு அசலாக இருந்தாலும் Face ID இயங்காது. பழைய திரையிலிருந்து அதை லேசாகச் சூடு காட்டிப் பிரித்து, புதியதற்கு மாற்ற வேண்டும். அவசரத்தில் பட்டை மடிந்தாலோ கிழிந்தாலோ Face ID போனதுதான்.

ஐபோன் 13-இல் கதை சற்று மாறியது. 2021-ல் அது வந்தபோது, திரையை மாற்றினாலே, எந்தக் கைத்தவறும் இல்லாமல், Face ID நின்றுபோனது. தொழிலில் இருப்பவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. ஐஓஎஸ் 15.2-இல் அந்தத் தடை நீக்கப்பட்டது. ஆகவே இன்றைக்கு 13-இல் திரை மாற்றியதால்தான் Face ID போயிற்று, அது கம்பெனி வைத்த பூட்டு என்று யாராவது சொன்னால், அதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

"பாதுகாப்புக்காகத்தான் இப்படிச் செய்கிறோம் என்று நிறுவனம் சொல்கிறது. அது நியாயமான காரணமா?"

பாதி நியாயம். திருடிய போன்களைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் சந்தை உண்மையிலேயே இருக்கிறது. பாகங்களுக்கு எண் இருந்தால் அந்தச் சந்தை சுருங்கும். தரமற்ற திரையை அசல் என்று விற்கும்போது வாங்குபவருக்கு ஒரு தகவல் கிடைப்பதும் நல்லதே. ஆனால் நேர்மையாகக் கழற்றிய அசல் திரையையும் காப்பியையும் ஒரே சொல்லில் அடைத்தது, தகவல் தருவதாக ஆகாது. அது வெறும் சந்தேகத்தை விதைப்பது.

இந்த இடத்தில் நிறுவனம் தன் நிலையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டிருக்கிறது. 2024 ஏப்ரலில், ஐபோன் 15 முதல் சில மாடல்களில் பயன்படுத்திய அசல் பாகங்களைப் பொருத்தினாலும் அவை முழுமையாக இயங்கும்படி செய்யப் போவதாக ஆப்பிள் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐஓஎஸ் 18 வந்தது. இதில் Repair Assistant என்ற வசதி இருக்கிறது. பாகத்தைப் பொருத்திய பின் போனை இணையத்தில் இணைத்து, About பக்கத்தில் வரும் வழிகாட்டலைத் தொட்டால், அந்தப் பாகத்துக்குரிய அளவீட்டை நிறுவனத்தின் சர்வரிலிருந்து இறக்கிக்கொள்கிறது. முடிந்ததும் அசலான பழைய பாகத்துக்கு நேரே "Used" என்று வரும். இப்போதுதான் அந்தப் பக்கம் உண்மையைச் சொல்லத் தொடங்கியிருக்கிறது என்பேன்.

இதில் ஒரு பொறி உண்டு. கழற்றப்பட்ட போன் இன்னும் அதன் பழைய உரிமையாளரின் கணக்கில் பூட்டியிருந்தால், அந்தப் பாகத்தை இணைக்கும்போது அவருடைய கடவுச்சொல்லைப் போன் கேட்கும். அது கிடைக்காமல் வேலை நிற்கும். கழற்றிய திரை வாங்கும் கடைக்காரர், அது எந்தப் போனிலிருந்து வந்தது என்பதைத் தெரிந்தே வாங்க வேண்டும், நீங்களும் கேட்கலாம்.

காப்பித் திரைக்கு வேறொரு ஆபத்தும் இருக்கிறது. 2018-ல் ஐஓஎஸ் 11.3 வந்தபோது, வெளியில் செய்த திரை பொருத்தப்பட்ட சில ஐபோன் 8-களில் தொடுதல் அப்படியே நின்றுவிட்டது. சில வாரங்களில் 11.3.1 வந்து அதைச் சரிசெய்தது. நேற்று வரை வேலை செய்த திரை ஒரு அப்டேட்டுக்குப் பின் வேலை செய்யாமல் போகலாம் என்பதற்கு அது சாட்சி.

"சாம்சங், மற்ற ஆண்ட்ராய்டு போன்களிலும் இந்தத் தொல்லை உண்டா?"

இவற்றில் பெரும்பாலானவை திரையைப் பற்றி இப்படி ஒரு செய்தியைக் காட்டுவதில்லை. அங்கே சிக்கல் கைரேகையில் வருகிறது. திரைக்கு அடியில் கைரேகை உணரி வைத்த போன்களில், ஒளியால் இயங்கும் வகையில், திரையே விரலுக்கு வெளிச்சம் தருகிறது; அந்த வெளிச்சம் விரலில் பட்டுத் திரும்பி, திரையை ஊடுருவிக் கீழே உள்ள உணரிக்கு வர வேண்டும். எல்சிடி காப்பியின் பின்விளக்குப் படலம் அதை மறைத்துவிடுகிறது. எனவே மலிவான திரை போட்ட அன்றே கைரேகை வேலை செய்யாது, அதைச் சரிசெய்யவும் முடியாது. நல்ல ஓஎல்இடி போட்டாலும் உணரியை மறுபடி அளவுபடுத்த வேண்டி வரலாம். சாம்சங்கில் அசல் திரை வேண்டுமென்றால் "சர்வீஸ் பேக்" என்று கேளுங்கள். பெரும்பாலும் சட்டத்துடன் சேர்ந்தே பெட்டியில் வரும், பெட்டியின் மேல் GH82 என்று தொடங்கும் எண் இருக்கும்.

"நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். பனியிலும் மழையிலும் திரை மாற்றிய போன் தாங்குமா?"

புதிதாக வந்தபோது இருந்த அளவுக்குத் தாங்கும் என்று நம்ப வேண்டாம். திரையின் ஓரத்தைச் சுற்றி ஒட்டியிருக்கும் பசை வளையம்தான் தண்ணீரைத் தடுக்கிறது. திரையைத் திறக்கும்போது அது கிழிந்துவிடும். பழையதை முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய வளையம் ஒட்ட வேண்டும். அதை ஒட்டாமலே திருகாணி இரண்டைப் பூட்டிக் கொடுத்துவிடும் கடைகள் இருக்கின்றன. கீழே சேலத்து வெயிலில் அது தெரியவே தெரியாது. சேர்வராயன் மலையில் காலைப் பனிமூட்டத்தில் போனை வெளியே எடுத்துவிட்டு, வீட்டுக்குள் அடுப்பங்கரைச் சூட்டுக்கு வந்ததும், முன் கேமராவின் உள்பக்கம் புகை படிந்தது போல் மங்கினால், ஈரம் உள்ளே போகிறது என்று பொருள். உடனே கடைக்குக் கொண்டுபோய் வளையத்தை ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த மழை வரை காத்திருந்தால் போர்டு பச்சை பூத்துவிடும்.

"கடையில் போனைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் என்னென்ன பார்க்க வேண்டும்?"

கொடுப்பதற்கு முன், திரை தெரிகிறது என்றால், About பக்கத்தைப் படம் எடுத்து வேறு போனுக்கு அனுப்பிவிடுங்கள். True Tone இருக்கிறதா, Face ID இயங்குகிறதா என்று கடைக்காரர் முன்னிலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முன்பே இல்லாத ஒன்றை அவர் மேல் சுமத்தாமல் இருக்கவும், முன்பு இருந்த ஒன்றை அவர் மறுக்காமல் இருக்கவும் இது உதவும்.

வாங்கும்போது, ஏதாவது ஒரு ஐகானை அழுத்திப் பிடித்துத் திரையின் எல்லா மூலைக்கும் மெதுவாக இழுத்துச் செல்லுங்கள்; எங்காவது கையிலிருந்து நழுவினால் அந்த இடத்தில் தொடுதல் இல்லை. யாருக்காவது அழைத்து, போனைக் காதருகே கொண்டு போகும்போது திரை அணைகிறதா என்று பாருங்கள். கடைக்கு வெளியே வந்து வெயிலில் வெளிச்சத்தை முழுதாக வைத்துப் படித்துப் பாருங்கள். காப்பித் திரையின் குறை இங்கேதான் சட்டென்று தெரியும். 120 ஹெர்ட்ஸ் திரை உள்ள ப்ரோ மாடல் என்றால், பக்கத்தை வேகமாகத் தள்ளிப் பாருங்கள். சில காப்பித் திரைகள் 60-லேயே நின்றுவிடும்.

ரசீதில் வெறுமனே "டிஸ்ப்ளே" என்று எழுதவிடாதீர்கள். "கழற்றிய அசல்", "கண்ணாடி மட்டும்", "சாஃப்ட் ஓஎல்இடி காப்பி", "இன்செல்" என எது பொருத்தப்பட்டதோ அந்தச் சொல், சிப் மாற்றப்பட்டதா என்ற விவரம், எத்தனை நாள் உத்தரவாதம் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். சொன்னது ஒன்று, போட்டது ஒன்று என்று தெரிந்து கடைக்காரர் தீர்வு தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் முதலில் கேட்கப்படுவது அந்த ரசீதுதான்.